செவ்வாயும் வெள்ளியும் வரும் வண்டி

அன்னபாக்கியம் பின்வீட்டை வாடகைக்குக் கொடுக்கும்போது கதவுப் பூட்டின் திறப்பை எடுத்தவுடன் கையில் தரமாட்டாள். வந்தவர்களை நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போவாள். சாமான் வண்டியில் கிடக்கட்டும், பிள்ளை பசியில் அழட்டும், அதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் இடுப்பில் செருகிய திறப்பு வெளியே வரும். அவளுக்கு எழுத்து வராது. ஒருமுறை ஒரு வாத்தியார் குடியிருக்க வந்தபோது, இதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாமே என்று கேட்டார். கடதாசி கிழிந்து போகும், தன் வாய் கிழியாது என்று சொல்லிவிட்டாள்.

வவுனியாவில், வைரவபுளியங்குளத்துப் பக்கம் போகும் குறுகலான ஒழுங்கையில், மதகு தாண்டி இரண்டாவது வீட்டு வளவு அவளுடையது. முன்வீட்டில் அவள் தனியே இருந்தாள். பின்வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். இரண்டுக்கும் நடுவில் கிணறு. கிணற்றுக்குப் பின்னால், எலுமிச்சை மரத்தடியில் குப்பை போடத் தோண்டிய ஒரு கிடங்கு.

அந்த வருஷம் ஐப்பசியில் கதிர்காமநாதன் வந்தான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கரவெட்டிப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, எதற்கும் தலையாட்டுகிற பேர்வழி. கூட அவன் பெண்சாதி விமலேஸ்வரி. நாலு வயசு மகள் இரஞ்சிதம் வந்த உடனேயே கிணற்றுக்கட்டில் வயிற்றை வைத்து எட்டி உள்ளே பார்த்தாள். கட்டு ஒரு பக்கம் உடைந்து தாழ்ந்திருந்தது. அன்னபாக்கியம் பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தொடங்கினாள்.

"தம்பி, பிள்ளை, ரெண்டு பேரும் கேளுங்கோ. ஒருக்காத்தான் சொல்லுவன். பட்டினசபைக் குப்பை வண்டி செவ்வாயும் வெள்ளியும் விடிய வரும். மணி அடிப்பான். அடிக்கட்டும். இந்த வளவிலையிருந்து செவ்வாய் வெள்ளியிலை ஒரு துரும்பும் வாசல் படலைக்கு வெளியாலை போகக்கூடாது. கூட்டினதை, கழிச்சதை, சாம்பலை எல்லாம் எலுமிச்சைக்குக் கீழை இருக்கிற கிடங்கிலை போடுங்கோ."

கதிர்காமநாதன் தலையாட்டினான். வண்டி மற்ற நாளில் வராதா என்று விமலேஸ்வரி கேட்டாள். வராது என்றாள் அன்னபாக்கியம். அப்படியென்றால் வண்டி இந்த வீட்டுக்கு இல்லை என்றுதானே அர்த்தம் என்று அவள் திரும்பக் கேட்டதும், அன்னபாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாய் இருக்கிற பெட்டைதான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

"ஓம், இல்லைத்தான். இனித் தண்ணி. குடிக்கிற தண்ணியை விடிஞ்சு நிலம் வெளிக்க முந்தி அள்ளிப்போடுங்கோ, அப்பத்தான் கிணறு தெளிஞ்சு கிடக்கும். பிறகு குளிக்கலாம், தோய்க்கலாம், வெயில் ஏறுமட்டும். மத்தியானம் துலாவிலை கை வைக்கப்படாது, கிணறு ஊறவேணும். மாடு திரும்பிற நேரம் தொடக்கம் விளக்கு வைக்கிற மட்டும் திரும்ப அள்ளலாம். விளக்கு வைச்சாப்பிறகு ஒரு வாளியும் இறங்கக்கூடாது. தோய்க்கிறதைக் கிணத்துக்கட்டிலை நிண்டு தோய்க்காதை பிள்ளை, அழுக்குத்தண்ணி உள்ளுக்கை போகும். தள்ளி நிண்டு தோய்."

அடுத்தது ஆபத்து அந்தரம். அதைச் சொல்லும்போது அவள் குரலைத் தணிப்பாள். பாம்பு கடித்தால் தண்டவாளத்துக்கு அங்காலே நாட்டு வைத்தியம் பார்க்கிற கனகலிங்கம் பரியாரி. இழுத்துக்கொண்டு ஓட ஒரு கார் வேண்டுமென்றால், ஸ்டேசனடியில் அப்புத்துரையின் வாடகைக் கார். கள்ளன் வந்தால் கத்தினால் போதும், ஒழுங்கையே எழும்பும்; பொலிசு விடிய வந்து எழுதிக்கொண்டு போகும். தந்தி, டெலிபோன் என்றால் தபாற்கந்தோர்.

"காய்ச்சல் எண்டால் முதல் என்னட்டைச் சொல்லோணும். விளங்குதே? முதல் என்னட்டை. ஆசுப்பத்திரி கடைசி."

சொல்லிவிட்டுத் திறப்பைக் கொடுத்தாள். விமலேஸ்வரி அதை வாங்கி முந்தானையில் முடிந்தாள். ஒன்றை மட்டும் அன்னபாக்கியம் சொல்லவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அவளை மூடப்பழக்கம் பிடித்த கிழவி என்று ஒழுங்கையில் சொல்வார்கள். அவள் காதிலும் விழும். அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். அவள் புருஷன் நாகமுத்து மரம் அரிந்து விற்கிற மரக்காலை வைத்திருந்தவன். அந்த வளவில் தண்ணீர் இல்லை, கல்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னபோது, கல்லை உடைத்துக் கிணறு வெட்டியவனும் அவன்தான். பட்டினசபை முதன்முதல் அந்த ஒழுங்கைக்குக் குப்பை வண்டி விட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. புதினம் பார்க்கிற ஆசையில் அன்னபாக்கியம் வீடு வாசல் கூட்டி, கடகம் நிறையக் குப்பை அள்ளிக்கொண்டுபோய் வண்டியில் கொட்டினாள். வெள்ளியிலே குப்பையை வெளியே கொட்டுகிறாயே, லட்சுமியையும் கூட அனுப்புகிறாயோ என்று நாகமுத்து சிரித்தபடிதான் சைக்கிளில் ஏறினான். மத்தியானம் மரக்காலையில் பாலைமரக் குற்றி அவன் மேல் உருண்டது. பின்னேரம் அவனைக் கதவுப்பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குற்றி எந்த நாளிலும் உருளும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து வண்டிக்காரன் படலையில் நின்று மணி அடிப்பான், அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மாட்டைத் தட்டுவான்.

இனி அவள் சொல்லாமல் விட்டது.

கதிர்காமநாதன் வருவதற்கு முன் அந்தப் பின்வீட்டில் ரயில் ஸ்டேசனில் வேலை செய்த ஐயாத்துரை இருந்தான். அவன் மகனுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் எரித்தது. வயிறும் போனது. அவன் பெண்சாதி இரவு பகலாகத் துடைத்து, கழுவி, எல்லாவற்றையும் சாம்பலோடு அள்ளி எலுமிச்சையடிக் கிடங்கில்தான் கொட்டினாள். அதுதான் வீட்டுக்காரியின் சட்டம். பிறகு பிள்ளையை ஊரில் வைத்துப் பார்க்கப்போகிறோம் என்று ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதிர்காமநாதன் குடும்பம் வந்த அடுத்த கிழமை சந்தையில் ஐயாத்துரையின் ஊரான மீசாலையிலிருந்து வந்த ஒருத்தி அன்னபாக்கியத்தை மறித்துச் சொன்னாள். பொடியன் போய்விட்டான். நெருப்புக்காய்ச்சலாம், டொக்டர்மார் டைபோயிட் என்கிறது.

அன்னபாக்கியம் கையில் எடுத்த கத்தரிக்காயை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பின்வீட்டில் விமலேஸ்வரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எலுமிச்சை இலையைக் கசக்கி மணந்துகொண்டிருந்தாள். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இவர்கள் போவார்கள். போகட்டும், அது பெரிசில்லை. ஆனால் கச்சேரிக்காரன் பேசாமல் போகமாட்டான். சுகாதாரப் பரிசோதகர் வருவார், கிணற்றில் கிருமி கொல்லுகிற வெள்ளைத்தூள் கொட்டுவார், குடிக்கக்கூடாது என்று பலகை அடிப்பார். நாகமுத்து கல்லுடைத்து எடுத்த தண்ணீரை ஊர் காறித் துப்பும். அவள் வாயை மூடிக்கொண்டாள். எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிற மனுஷி என்று பெயர் எடுத்தவள், அதைச் சொல்லவில்லை.

கார்த்திகை பிறக்கும் முன்னமே மழை பிடித்தது. வன்னி மழை பெய்யத் தொடங்கினால் ஆள் பார்த்துப் பெய்யாது. முதல் நாள் முற்றம் நிறைந்தது. அடுத்த நாள் குளத்துப் பக்கத்தால் தவளைச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. கிணறு கையெட்டும் உயரத்துக்கு ஏறியது. அன்னபாக்கியம் குடையைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சையடிக்குப் போய்ப் பார்த்தாள். கிடங்கு வழிந்து, கறுப்புத் தண்ணீர் மெல்ல, அவசரம் இல்லாமல், தாழ்ந்த பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்த பக்கம் கிணறுதான். உடைந்த கட்டுக்குள்ளால் அது உள்ளே இறங்குகிற சத்தம் மழைச் சத்தத்துக்குள்ளும் தனியாகக் கேட்டது.

மண்வெட்டியை எடுத்து வரம்பு போட்டாள். வரம்பு கரைந்தது. திரும்பப் போட்டாள். அதுவும் கரைந்தது. விடிய விமலேஸ்வரி வந்து, நிலம் வெளிக்க முன், சொன்னபடி, குடிக்கிற தண்ணீரை அள்ளினாள். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருக்கிறதே மாமி என்று கேட்டாள். மழைத்தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அன்னபாக்கியம் தானும் ஒரு செம்பு அள்ளி அவளுக்கு முன்னால் நின்று குடித்தாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நோய் வருத்தம் வந்தால் வயசு போனவளுக்குத்தானே முதலில் வரும். தனக்கு ஒன்றும் வராத வரைக்கும் கிணற்றில் பிழையில்லை.

வருத்தத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்து விமலேஸ்வரி முன்வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள் சொன்னபடி முதல் உங்களிட்டைத்தான் வந்தனான் மாமி. பிள்ளைக்கு மேல் சுடுது."

அன்னபாக்கியம் பின்வீட்டுக்குப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்காய்ச்சலாக இருக்கும் என்றாள். மல்லி அவித்துக் கொடுத்தாள். நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். காய்ச்சல் குறைவதுபோலக் காட்டிப் பின்னேரம் கூடியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடியது. படிப்படியாக, ஏணியில் ஏறுகிற ஆள் போல. கதிர்காமநாதன் இல்லை. வெள்ளத்தில் வீடிழந்த சனத்துக்கு அரிசி பகிர்கிற வேலையில் கச்சேரி அவனை நெடுங்கேணிப் பக்கம் அனுப்பியிருந்தது. ரோட்டில் தண்ணீர் நின்றதால் ஆள் திரும்ப வரவில்லை.

விமலேஸ்வரி ஆஸ்பத்திரி என்ற சொல்லை இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் அன்னபாக்கியம் பேச்சை மாற்றினாள். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே பிதற்றத் தொடங்கியபோதுதான், வியாழக்கிழமை பின்னேரம், அவள் நனைந்து நனைந்து தண்டவாளத்துக்கு அங்காலே போய்க் கனகலிங்கம் பரியாரியைக் கூட்டிவந்தாள்.

பரியாரி நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அமத்தினார். தாய்க்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்து, படலையடியில் நின்று அன்னபாக்கியத்தைக் கேட்டார்.

"ஐயாத்துரையின்ரை பொடியனுக்கும் இதுதானே?"

அவள் படலைக் கயிற்றை அவிழ்த்தாள்.

"நான் மருந்து தரமாட்டன். தந்தால் பிள்ளையைக் கொன்ற பழி எனக்கு. விடிஞ்சவுடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ. அங்கை இதுக்கு இப்ப மருந்துக் குளிசை இருக்கு."

போகிற வழியில் அப்புத்துரையிடம் விடியக் காரைக் கொண்டுவரச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் குடையை விரித்தார். அதற்குப் பிறகு மழை இன்னும் வலுத்தது.

விடிந்தபோது மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. சும்மா ஓடவில்லை, இழுத்துக்கொண்டு ஓடியது. அப்புத்துரை சொன்ன சொல் தவறாத மனுஷன். காரை மதகுக்கு அந்தக் கரை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீரில் காலை வைத்தவுடனே சரிந்து, பூவரசம் கொப்பைப் பிடித்துத் திரும்பி ஏறினான். கார் தண்ணீரில் இறங்கினால் நின்றுவிடும், தோளில் பிள்ளையோடு ஆளும் நிற்காது என்று கையால் காட்டினான்.

அன்னபாக்கியம் திரும்பி வந்தாள். பின்வீட்டில் விமலேஸ்வரி பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளிக்கிட ஆயத்தமாக இருந்தாள். இரஞ்சிதத்தின் உதடு வெடித்துக் கறுத்திருந்தது. கை விரல்கள் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி விட்டன. அன்னபாக்கியம் அதைப் பார்த்தாள். சாகிறவர்கள் அப்படிக் கிள்ளுவதைப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் மணி கேட்டது.

வெள்ளிக்கிழமை. மழையும் வெள்ளமும் பட்டினசபை வண்டிக்காரனை மறிக்கவில்லை. உயரச் சில்லு, பெரிய எருதுகள். அவன் மதகைக் கடந்து ஒழுங்கை முழுக்க வந்து, வழக்கம்போலப் படலையில் நின்று அடித்தான். வழக்கம்போல யாரும் வரமாட்டார்கள் என்று மாட்டைத் தட்டக் கையை ஓங்கினான்.

"நில்லடா தம்பி."

அவள் படலையைத் திறந்த வேகத்தில் கயிறு அறுந்தது. வண்டிக்குள் அழுகல் வாழைத்தடலும் நனைந்த குப்பையும் கொஞ்சம் கிடந்தன. தன் கையாலேயே அதை அள்ளி ஒழுங்கையில் எறிந்தாள். வைக்கோலைக் கொண்டுவந்து பரப்பினாள். மேலே பாயைப் போட்டாள், பாய்க்கு மேலே அலுமாரியில் இருந்த நல்ல சேலையை மடித்துப் போட்டாள். விமலேஸ்வரி பிள்ளையோடு வந்தவள் வண்டியைக் கண்டு ஒரு கணம் நின்றாள். மணம் அப்படி. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஏறினாள். வண்டிக்காரன் குடையைப் பிடித்துக்கொண்டு அன்னபாக்கியத்தைப் பார்த்தான்.

"ஏழு வருசமா இந்தப் படலையிலை நிண்டு மணி அடிச்சனான், அம்மா. அந்த முதல்நாள் தந்ததுக்குப் பிறகு ஒருநாளும் ஒரு கடகம் குப்பை தரேல்லை. இண்டைக்குப் பிள்ளையைத் தாறியள்."

அவன் பகிடியாகச் சொன்னானோ, மனம் நொந்து சொன்னானோ தெரியாது.  வெள்ளியிலே வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அன்னபாக்கியம் மறித்து வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து இந்தப் பிள்ளையாக வண்டியில் ஏறிவிட்டது போல இருந்தது. நாகமுத்து சைக்கிளில் ஏறிப்போன முதுகு கண்ணுக்குள் வந்தது. வண்டியை மறித்துப் பிள்ளையைத் திரும்பத் தூக்கி இறக்க ஒரு நினைப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"மாட்டைத் தட்டு" என்றாள்.

அவளும் கூடவே போனாள், வண்டியின் பின்தடியைப் பிடித்துக்கொண்டு. மதகில் தண்ணீர் மார்பு வரைக்கும் ஏறியது. இடப்பக்கத்து எருது தடுமாறி முழங்கால் மடித்தது. வண்டி ஒரு பக்கம் சரிந்தது. விமலேஸ்வரி பிள்ளையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். வண்டிக்காரன் குதித்து இறங்கி நுகத்தைத் தோளால் முட்டுக்கொடுத்தான். எருது எழும்பியது. அந்தக் கரையில் அப்புத்துரை காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளவட்டம். பிள்ளையைப் பார்த்த உடனே ஊசி போட்டார். பிறகு தாயிடம் திரும்பி, குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், வேறு யாருக்கும் அந்தப் பக்கத்தில் இப்படிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். விமலேஸ்வரி, வீட்டுக் கிணற்றில்தான், வேறு ஒருவருக்கும் இல்லை என்றாள். அன்னபாக்கியம் நனைந்த சேலையோடு சுவரோரம் நின்றாள். அவள் கையை விமலேஸ்வரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிணறு என்ரை" என்றாள் அன்னபாக்கியம். "இவையளுக்கு முதல் இருந்த வீட்டுப் பொடியனுக்கும் வந்தது. அது செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

விமலேஸ்வரி கையை விட்டாள். பிள்ளையின் போர்வையை இழுத்து மூடிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

"இதையும் அண்டைக்குக் கிணத்தடியிலை சொல்லியிருக்கலாம் மாமி."

அன்னபாக்கியம் வெளியே போய் வாசற்படியில் குந்தினாள். 

பிள்ளை தப்பியது. தைமாதம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் கிடந்து, தலைமயிர் முழுக்கக் கொட்டி, ஈர்க்குப் போல எழும்பி நடந்தது. அவர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கதிர்காமநாதன் மட்டும் ஒரு நாள் வந்து சாமான்களை ஏற்றினான். அவன் ஏசியிருந்தால் அன்னபாக்கியம் தாங்கியிருப்பாள்.  அவன் திறப்பைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

பரிசோதகர் வந்தார். கிடங்கைச் சுண்ணாம்பு போட்டு மூடுவித்தார். கிணற்றை இறைப்பித்து வெள்ளைத்தூள் கொட்டினார், உடைந்த கட்டை உயர்த்திக் கட்டச் சொன்னார். பலகையும் அடித்தார். மாசியில் பலகை கழன்றது, தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் ஒழுங்கையில் ஒருவரும் அந்தப் படலைக்குள் குடத்தோடு வரவில்லை. அவள் பயந்தது அப்படியே நடந்தது. பயந்ததற்காகப் பேசாமல் இருந்ததால்தான் நடந்தது என்று அவளுக்கு விளங்காமல் இல்லை.

சித்திரை கழிந்து ஒரு புதுக் குடும்பம் வீடு பார்க்க வந்தது. நெசவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த கமலாசனி என்ற பொம்பிளை, அவள் புருஷன், கையில் ஒரு குழந்தை. அன்னபாக்கியம் அவர்களைக் கிணற்றடியில் நிறுத்தினாள்.

"குப்பை வண்டி செவ்வாயும் வெள்ளியும் வரும். வந்தவுடனை கொண்டுபோய்ப் போடுங்கோ, ஒண்டையும் வளவுக்கை கிடங்கு வெட்டித் தாட்டு வைக்காதேங்கோ. தண்ணி விடிய அள்ளுங்கோ, அள்ளினதைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. காய்ச்சல் எண்டால் நேரை ஆசுப்பத்திரி, என்னட்டை வரவேண்டாம். இந்தத் தண்ணியைக் குடிச்ச ரெண்டு பிள்ளையளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஒண்டு செத்தது. இப்ப பரிசோதகர் நல்லது எண்டு சொல்லிப்போட்டார். இனி உங்கடை விருப்பம்."

கமலாசனி கிணற்றைப் பார்த்தாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். இன்னும் ஒன்றிரண்டு வீடு பார்க்க இருக்கிறது என்று புருஷன்காரன் சொன்னான். ஓம், போய்ப் பாருங்கோ என்று அன்னபாக்கியம் படலையைத் திறந்துவிட்டாள். திறப்பு இடுப்பிலேயே இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னாள், ஒரு சொல் குறைக்காமல். பின்வீட்டுக் கதவில் சிலந்தி வலை கட்டியது.

வெள்ளிக்கிழமை மணி கேட்டால் இப்போது அவள்தான் முதலில் படலைக்கு வருவாள், கடகத்தோடு. வண்டிக்காரன் வாங்கிக் கொட்டுவான். மாடு நகரும். அவள் உள்ளே போகமாட்டாள். வெறும் கடகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, வண்டி மதகு தாண்டி மறைகிற வரைக்கும், மறைந்த பிறகும், அந்த வழியாலே இன்றைக்குக் கதவுப்பலகையில் வைத்து யாரைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்களோ என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். கொண்டுவர அவளுக்கென்று ஒருவரும் இல்லை. ஆனாலும் நிற்பாள்.